பாட்டில் லேபிளில் காபிக்கான வரி எது?

(நம் குடியிருப்போர் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், தேநீர் இடைவேளைக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன மாதம் எங்கள் வீட்டுக்குச் சிக்மகளூரிலிருந்து ஒரு பாக்கெட் காபித்தூள் வந்தது. இளம் வறுவல், சிக்கரி கலக்காதது. பாதியை மூன்றாவது மாடி அக்காவுக்குக் கொடுத்தேன். இரண்டு வீட்டிலும் பால் சேர்க்காமல் கறுப்புக் காபியாகவே போட்டோம். அக்கா, "ஆரஞ்சுப் பழ வாசனை மாதிரி என்ன அருமையா இருக்கு!" என்றார். எனக்கோ அட்டையை ஊற வைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. தூள் கெட்டுப்போய்விட்டது, கடைக்காரரைக் கேட்கவேண்டும் என்றே கிளம்பினேன். அக்காதான் தடுத்தார். "நீங்க என்ன தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டார். அவர் ஊற்றியது இருபது லிட்டர் கேன் தண்ணீர். நான், நல்ல தூளுக்கு நல்ல தண்ணீர் என்று, விலை கூடிய இயற்கை மினரல் வாட்டர் பாட்டில் வாங்கி ஊற்றியிருந்தேன். என் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் கொடுத்து அவர் வீட்டில் போடச் சொன்னேன். அங்கேயும் அதே அட்டைச் சுவை. தப்பு தூளில் இல்லை.

அந்தப் பாட்டிலின் லேபிளில் காரணம் அச்சாகியே இருந்தது. எந்த வரியைப் பார்ப்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

நாம் எல்லோரும் முதலில் பார்ப்பது டி.டி.எஸ். மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று மட்டும் அது சொல்லும், என்ன உப்பு என்று சொல்லாது. அடுத்துப் பார்ப்பது பி.எச். அதுவும் காபிக்கு அவ்வளவாக உதவாது. பார்க்கவேண்டியது பைகார்பனேட் என்ற வரி. சில லேபிளில் HCO3 என்று போட்டிருப்பார்கள்.

ஏன் இந்த வரி? காபியின் பழ வாசனைக்கும் துடிப்புக்கும் துணையாக இருப்பது அதிலுள்ள அமிலங்கள். பைகார்பனேட் அமிலத்தை முறிக்கும். வயிறு எரிந்தால் சோடா உப்பு கரைத்துக் குடிப்போமே, அதே வேலைதான். தண்ணீரில் அது அதிகமானால் காபி சப்பென்று ஆகிவிடும். மிகக் குறைந்தால் புளிப்பு முந்திக்கொண்டு நிற்கும். இப்படி அமிலத்தை முறிக்கும் திறனுக்குக் காரத்தன்மை என்று பெயர்.

கணக்கு எளிது. லேபிளில் உள்ள பைகார்பனேட் அளவை 0.82 ஆல் பெருக்கினால் காரத்தன்மை கிடைக்கும். மனக்கணக்காக, ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டாலும் போதும். அது லிட்டருக்கு 40 முதல் 75 மில்லிகிராம் வரை இருந்தால் கறுப்புக் காபிக்கு நல்லது என்பது சிறப்புக் காபித் துறையினரின் பொதுவான வழிகாட்டல்.

இரண்டாவதாகக் கடினத்தன்மை. கால்சியத்தை 2.5 ஆலும் மக்னீசியத்தை 4.1 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 50 முதல் 175 வரை இருக்கலாம். இவை இரண்டும் தூளிலிருந்து சுவையை இழுக்க உதவுவதாகச் சொல்வார்கள். ஆனால் முதலில் பார்க்கவேண்டியது பைகார்பனேட்தான்.

பிரான்சிலிருந்து வரும் இரண்டு பாட்டில்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எவியான் லேபிளில் பைகார்பனேட் 360, கால்சியம் 80, மக்னீசியம் 26. காரத்தன்மை 295, கடினத்தன்மை 307 என்று வரும். வால்விக் லேபிளில் பைகார்பனேட் 74, கால்சியம் 12, மக்னீசியம் 8. காரத்தன்மை 61, கடினத்தன்மை 63. வால்விக் இரண்டு எல்லைக்குள்ளும் அழகாக உட்காருகிறது. எவியான் குடிக்க நல்ல தண்ணீர்தான், ஆனால் இளம் வறுவல் காபிக்கு ஏற்றதல்ல. இதில் கவனிக்கவேண்டியது, இரண்டின் பி.எச். அளவும் 7-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. காரத்தன்மையோ ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம். பி.எச். பார்த்து ஏமாறவேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

வாங்கிவிட்ட கடின நீரைக் கொட்டவேண்டியதில்லை. 200 மில்லி எவியான் போன்ற நீரோடு 800 மில்லி ஆர்.ஓ. கேன் தண்ணீரைக் கலந்தால் எல்லாம் ஐந்தில் ஒன்றாகக் குறையும். காரத்தன்மை 59, கடினத்தன்மை 61. கேனில் ஏற்கெனவே இருப்பது கொஞ்சம் சேரும். நான் இப்போது செய்வது இதைத்தான். ஒரு பாட்டில் ஐந்து லிட்டருக்கு வருகிறது.

இனி நம் ஊர் லேபிள்கள். ஐ.எஸ். 13428 என்று போட்டிருந்தால் அது இயற்கை மினரல் வாட்டர். ஊற்றில் இருந்த தாதுக்கள் அப்படியே இருக்கும். ஐ.எஸ். 14543 என்றால் பதப்படுத்திய குடிநீர். இது பெரும்பாலும் ஆர்.ஓ. செய்தது, நம் கேன்களும் இந்த வகைதான். இதில் சேர்த்த தாதுக்களின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மக்னீசியம் சல்பேட் சேர்த்தால் கடினத்தன்மை மட்டும் கூடும். பொட்டாசியம் பைகார்பனேட்டோ சோடியம் பைகார்பனேட்டோ சேர்த்தால் காரத்தன்மை மட்டும் கூடும்.

பைகார்பனேட் வரியே இல்லாமல் டி.டி.எஸ். மட்டும் இருந்தால்? அது 30, 40 என்று இருந்தால் ஒரு முடிவுக்கு வரலாம். மொத்தமே அவ்வளவுதான் என்றால் காரத்தன்மை அதிகம் இருக்க வழியில்லை. 200, 300 என்றிருந்தால் எதுவும் சொல்ல முடியாது. சாதாரண உப்பாகவும் இருக்கலாம், பைகார்பனேட்டாகவும் இருக்கலாம். அப்போது கெட்டிலைப் பாருங்கள். சில நாளிலேயே வெள்ளைப் படிவம் பிடித்தால், அது கால்சியமும் பைகார்பனேட்டும் கொதித்துச் சேர்ந்து படிந்த சுண்ணாம்பு.

கடைசியாக ஒன்று. காலை டிகாக்ஷன் காபிக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டுமா? அவ்வளவாக வேண்டாம். பில்டரில் 50 கிராம் தூளுக்கு 200 மில்லி தண்ணீர் ஊற்றுகிறோம் என்று வையுங்கள். அதாவது ஒன்றுக்கு நான்கு. கறுப்புக் காபிக்கு 15 கிராமுக்கு 240 மில்லி, ஒன்றுக்குப் பதினாறு. டிகாக்ஷனில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீருக்கும் நான்கு மடங்கு தூள் இருப்பதால், பைகார்பனேட் முறிப்பது அதில் சிறு பங்குதான். கறுத்த வறுவலில் புளிப்பும் குறைவு. சிக்கரியும் பாலும் சேர்ந்தபின் வித்தியாசம் தெரிவது கடினம். அதனால் பால் காபிக்காரர்கள் கேன் தண்ணீரிலேயே நிம்மதியாக இருக்கலாம். இளம் வறுவல் தூள் வாங்கிக் கறுப்பாகக் குடிப்பவர்கள் மட்டும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரே தூளை இரண்டு தண்ணீரில், ஒரே அளவில் போட்டுப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது. நான் அன்று மயிரிழையில் தப்பினேன்.