மலைநாட்டு வடாம்: ஓர் அறிவித்தலின் பொருள்



ஹட்டன் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில், தை மாதம் பிறந்து சில நாட்கள் சென்றதும், ஒரு சிறு கடையின் கதவில் கையெழுத்தில் எழுதிய அறிவித்தல் ஒன்று ஒட்டப்படும். கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையாருடைய அறிவித்தல் அது. அதில் நான்கே வரிகள் உண்டு: “வடாம் இடத் தொடங்கிவிட்டோம். நாளுக்கு ஒரு கிலோ அரிசிக்கு மேல் இடுவதில்லை. வெயில் இல்லாத நாளில் வடாம் இல்லை. எலுமிச்சை ஊறுகாய் பங்குனியில் கிடைக்கும்.”

விற்பனைக்கான விளம்பரம் ஒன்று, ‘மேல் இல்லை’, ‘இல்லை’ என்று இருமுறை மறுத்துரைப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் இந்த மறுப்புகளில்தான் அந்த வடாமின் தரம் அடங்கியிருக்கிறது. எவ்வாறென்பதை இன்று உங்களுடன் ஆராய விரும்புகிறேன்.

முதலில் பருவத்தைக் கவனிப்போம். நம் முன்னோர் தமிழகத்திலிருந்து இம்மலைகளுக்கு வந்தபோது வடாம் இடும் வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். அங்கே அது சித்திரை, வைகாசி மாதங்களுக்குரிய வேலை. இங்கேயோ சித்திரையில் காலை வெயிலை நம்பித் துணி விரித்தால், பிற்பகலில் இடியும் மழையும் வந்து சேரும். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும். அதன் பின்னர் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் வெயிலைக் காண்பதே அரிது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின்னர், தையின் நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரையில் கிடைக்கும் வறண்ட நாட்களே மலைநாட்டின் வடாம் காலம். மாதத்தின் பெயர் மாறினும் விதி ஒன்றே: காற்று வறண்டிருக்க வேண்டும்.

காற்று என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நுவரெலியாவில் அக்காலத்து இரவுகளில் புல்லின் மீது உறைபனி படிவதுண்டு. பகலிலும் இதமான குளிரே நிலவும். எனினும் அங்கே வடாம் காய்கிறது. நீரை எடுத்துச் செல்வது வறண்ட காற்று. அதற்குத் துணை நிற்பது வெயில். தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டும் மாடியை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அங்கே கொழுந்தை மெல்லிதாகப் பரப்பிக் காற்றைச் செலுத்துகிறார்கள். ஈரமான நாளில் காற்றைச் சற்றுச் சூடாக்குகிறார்கள். அளவுக்கு மிஞ்சிக் குவித்தால் அடிக்கொழுந்து வாடாது புழுங்கிவிடும்.

இனி இரண்டாவது வரியாகிய ‘ஒரு கிலோ’ என்பதன் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ பச்சரிசியை இரவில் ஊறவைத்துக் காலையில் அரைத்துக் கூழாகக் காய்ச்சுவதற்கு, எல்லாமாக ஏறத்தாழ ஐந்து லீட்டர் நீர் செல்லும். கொதியில் போனது போகச் சுமார் ஐந்தரைக் கிலோ கூழ் கிடைக்கும். அது முற்றாகக் காய்ந்த பின்னர் எஞ்சுவது ஒரு கிலோ அளவு வடாம். ஆகவே ஏறக்குறைய நாலரை லீட்டர் நீர் அந்தத் துணியிலிருந்து காற்றோடு போயாக வேண்டும். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாவதை நாம் அறிவோம். வடாமின் சுருக்கமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனால் தேயிலைக்கு இயந்திரமும் நெருப்பும் உண்டு. வடாமுக்கு இருப்பது காலை எட்டு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடைப்பட்ட பொழுது மாத்திரமே. மூன்று மணிக்குப் பின்னர் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கும். காய்ந்த வடாமும் அதனிடமிருந்து ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

ஒரு கிலோ அரிசிக் கூழைக் கரண்டியால் சிறு வட்டங்களாக ஊற்றுவதற்கு நான்கு முழ வேட்டி ஒன்றும், அதற்கு மேல் சிறிது துணியும் வேண்டும். லயத்தின் முற்றத்தில் நாள் முழுதும் நிழல் விழாத இடம் பெரும்பாலும் அவ்வளவுதான். மேலும், இங்கே வடாம் காய்வதற்கு மூன்று அல்லது நான்கு நாட்கள் செல்லும். இன்றைய கூழ் துணியிலிருக்க, நேற்றையதும் முன்தினத்ததும் சுளகுகளில் காய்ந்துகொண்டிருக்கும். நாளுக்கு ஒரு கிலோ எனினும், எந்நேரமும் நான்கு கிலோவுக்கு ஒருவர் காவல் இருக்க வேண்டும்.

இந்த வரி அறிவித்தலில் இடம்பெற்றதற்கு ஒரு வரலாறு உண்டு. மார்கழிப் பூரணையிலிருந்து வெசாக் பூரணை வரையில் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். ஹட்டன் வழியாக யாத்திரிகர் கூட்டம் செல்லும். வடாமுக்குக் கேள்வியும் மிகும். ஓர் ஆண்டு மாசியில் நான்கு கிலோ வடாமை வார இறுதிக்குள் தருமாறு ஒருவர் முற்பணம் கொடுத்தார். அம்மையாரும் இசைந்து, நான்கு கிலோ அரிசியையும் ஒரே நாளில் காய்ச்சினார். துணி போதாமையால் வட்டங்கள் தடிப்பாகவும் நெருக்கமாகவும் விழுந்தன. பிற்பகல் இரண்டு மணிக்கு வானம் இருண்டது. பதினெட்டு லீட்டர் நீரில் பாதிகூடப் போயிராத அந்தக் கூழைத் துணியோடு சுருட்டி உள்ளே வைத்தார்கள். மறுநாட் காலையில் புளித்த வாடை வீசியது; விரலால் தொட்டால் இழுபட்டது. அத்தனையும் குழிக்குள் போயிற்று. அரிசியும் விறகும் நட்டம். முற்பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கிலோவாக இருந்திருப்பின், மெல்லிதாக ஊற்றிய வட்டங்கள் இரண்டு மணிக்குள் மேற்புறம் இறுகியிருக்கும். உரித்தெடுத்துச் சுளகில் பரப்பி, காற்றோட்டமான அறையில் வைத்துக் காப்பாற்றியிருக்கலாம். முதல் நாளின் இறுக்கமே வடாமின் உயிர். அது வாய்த்தபின் இடையில் ஒரு நாள் மப்பு வந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

அம்மையார் கூழ் காய்ச்சும் முறையில் மலைநாட்டுக்கென்றே உரிய நுட்பம் ஒன்று உண்டு. உயரம் ஏற ஏற நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். ஹட்டனில் ஏறத்தாழ 96 பாகையிலும், நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலும் கொதித்துவிடும். ஆகையால் கொதி வந்தது என்பதைக் கொண்டு கூழ் வெந்தது என்று முடிவு செய்யலாகாது. மாவின் வெண்மை மாறிக் கண்ணாடிபோல் மினுமினுத்து, நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாதிருக்கும் வரையில் கிளற வேண்டும். வேகாத கூழில் இட்ட வடாம் காயும்போது வெடித்துப் பொடியாகும். உப்பும் அளவறிந்து இட வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு முப்பது கிராம் போதும். கூழைச் சுவைத்தால் உப்புக் குறைவாகவே தோன்றும். அது ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும்போது சரியாகிவிடும்.

உலர்த்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். துணியைத் தரையில் விரிக்காமல், பலகை அல்லது கட்டிலின் மேல் விரித்தால் கீழேயும் காற்றுப் போகும். மாலையில் துணியின் பின்புறத்தில் சிறிது நீர் தெளித்து வடாமை உரித்துத் திருப்பிப் போடுவர். சூடு தணியுமுன் தகரத்தில் அடைத்தால் உள்ளே வியர்த்துவிடும். அடுப்பின் மேற்பரணில் வைத்து விரைவாகக் காய வைக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. புகை வாடை ஏறுவது ஒருபுறமிருக்க, கடும் சூட்டில் மேற்புறம் முந்தி இறுகி, உள்ளிருக்கும் ஈரத்துக்கு வழியை அடைத்துவிடும். பார்வைக்குக் காய்ந்த வடாம், உள்ளே ஈரம். பத்து நாளில் பூஞ்சணம் வெளிப்படும்.

காய்ந்ததை அறிவது எவ்வாறு? அம்மையார் மூன்று சோதனைகள் செய்கிறார். ஒடித்தால் ‘டக்’ என்ற ஓசையுடன் முறிய வேண்டும், வளையக் கூடாது. சிலவற்றைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு இறுக மூடி அரை நாள் வெயிலில் வைத்தால், உட்புறத்தில் நீர்த்துளி படியக் கூடாது. மூன்றாவதாக, காய்ந்த எண்ணெயில் ஒன்றைப் போட்டால் உடனே மலர வேண்டும். நடுவில் கல்போல் ஒரு புள்ளி மலராது நின்றால் அங்கே ஈரம் தங்கியிருக்கிறது. நன்கு காய்ந்த வடாமிலும் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீர் எஞ்சும். அந்தச் சிறு நீரே எண்ணெயில் ஆவியாகி வடாமை மலர்விக்கிறது. மிகுதியான ஈரமோ அதனை எண்ணெய் குடித்த தோலாக்கிவிடும். கருமையாகவோ பச்சையாகவோ புள்ளி விழுந்த வடாமைப் பொரித்தால் சரியாகும் என்று எண்ணற்க. பூஞ்சணத்தின் நஞ்சு பொரிப்பதனால் முற்றாக அழிவதில்லை.

இறுதி வரியாகிய ஊறுகாய்க்கு வருவோம். வடாம் தையில் தொடங்க, ஊறுகாய் ஏன் பங்குனி வரையில் காத்திருக்க வேண்டும்? குளிர்ந்த இடத்தில் எலுமிச்சையின் தோலில் உப்பு மெதுவாகவே இறங்கும். தோல் மென்மையாவதற்கும் நாட்கள் செல்லும். ஒரு கிலோ பழத்தை ஈரம் போகத் துடைத்து, நான்காக அரிந்து, இருநூறு கிராம் உப்பும் சிறிது மஞ்சளும் சேர்த்துச் சாடியில் இட்டு, நாள்தோறும் குலுக்குவார்கள். சில நாட்களின் பின்னர் துண்டுகளை மட்டும் எடுத்துப் பகலில் வெயிலில் உலர்த்தி, மாலையில் மீண்டும் தம் சாற்றிலேயே போடுவார்கள். சாறு வற்றித் தோல் நகத்தால் நசுங்கும் பதம் வந்த பின்னரே மிளகாய்த் தூளும் காய்ச்சி ஆறிய எண்ணெயும் சேரும். விலை கருதி உப்பைக் குறைத்தாலும், ஈரக் கரண்டி பட்டாலும், மேலே வெண்படலம் படரும். அந்தச் சாடியை விற்கலாகாது. இங்கும் சிறு சாடிகளே நலம். ஒன்று கெட்டால் மற்றவை பிழைக்கும்.

நேயர்களே, வீட்டு வடாம் வாங்கச் செல்லும்போது ‘எவ்வளவு மலிவு’ என்பதோடு இன்னும் ஒன்றையும் கேளுங்கள்: ‘இது எந்த நாளில் இட்டது? அன்று வெயில் எப்படி?’ நாளைச் சொல்லக்கூடியவர் சிறுகச் செய்கிறவர். ஒன்றை ஒடித்துப் பார்க்கவும் அவர் தடை சொல்லமாட்டார். ‘இன்று வடாம் இல்லை, வெள்ளிக்கிழமை வாருங்கள்’ என்று அந்த அம்மையார் சொன்னால் கோபியாதீர்கள். சுளகில் இருப்பது இன்னும் ஒடியவில்லை என்பதே அதன் பொருள்.