புண் ஆறும் காலம்



உறவுகளும் உடல்நலமும் என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, இந்த அறக்கட்டளைக் கூட்டத்தில் பேச ஓர் அறுவை மருத்துவனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் புண். வெட்டுவது, தைப்பது, கட்டு மாற்றுவது, எப்போது ஆறும் என்று காத்திருப்பது. ஆகவே புண்ணின் வழியாகவே இந்தத் தலைப்புக்குள் நுழைகிறேன்.

முதலில் ஒரு பழைய ஆய்வு. கலிபோர்னியாவில் அலமேடா என்ற மாவட்டம். 1965-ல் அங்கே 6,928 பேரிடம் சில எளிய கேள்விகள் கேட்டார்கள். மணமானவரா, நண்பர்களையும் உறவினர்களையும் எவ்வளவு பார்க்கிறீர்கள், தேவாலயத்துக்குப் போவதுண்டா, சங்கம் எதிலாவது இருக்கிறீர்களா? ஒன்பது ஆண்டுகள் கழித்து யார் இருக்கிறார், யார் இல்லை என்று கணக்கெடுத்தார்கள். லிசா பெர்க்மனும் லியனார்ட் சைமும் 1979-ல் முடிவை வெளியிட்டார்கள். தொடர்புகள் மிகக் குறைந்தவர்கள் இறந்த விகிதம், தொடர்புகள் நிறைந்தவர்களைவிட ஆண்களில் 2.3 மடங்கு, பெண்களில் 2.8 மடங்கு. புகை, மது, உடற்பருமன் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

பிறகு இதுபோல ஏராளமான ஆய்வுகள் வந்தன. 2010-ல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கு அது. உறவுகள் வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக்காலம் முடியும்போது உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதல் என்று வந்தது. இதைப் பத்திரிகைகளில் ‘ஆயுள் பாதி கூடும்’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியில்லை. சராசரி ஏழரை ஆண்டுக் கவனிப்பில் பிழைத்திருப்பதற்கான வாய்ப்பின் ஒப்பீடு அது. அறுபது வயது தொண்ணூறாகிவிடாது.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். நோயாளி கல்யாண வீட்டுக்குப் போவதில்லை, நண்பர்களைத் தேடிப் போவதில்லை. அப்படியானால் உறவு குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் உறவு குறைந்ததா? மருந்தாக இருந்தால் பாதிப் பேருக்குக் கொடுத்து, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம். ஒருவருக்கு நண்பர்களைக் கொடுத்து இன்னொருவரிடமிருந்து பறித்துப் பார்க்க முடியாதே.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் இதற்கு ஒரு வழி கண்டார். உறவை மாற்ற முடியாவிட்டால் என்ன, காயத்தை நாமே உண்டாக்கலாம். எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே இடம். யாருக்கு எப்போது ஆறுகிறது என்று பார்க்கலாம். 1995-ல் லான்செட் இதழில் வந்த அந்த ஆய்வில் மொத்தமே 26 பெண்கள். பதின்மூன்று பேர் மறதி நோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். வயதிலும் வருமானத்திலும் அவர்களுக்கு இணையான மற்றப் பதின்மூன்று பேருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. முன்கையில் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாகச் சதை எடுத்தார்கள். பயாப்சிக்கு நாம் எடுப்பதுபோலத்தான். ஆறியதா என்று தெரிந்துகொள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினார்கள். நுரை வந்தால் ஆறவில்லை, நுரைக்காவிட்டால் ஆறிவிட்டது. நம் டிரெஸ்ஸிங் அறையில் தினமும் இருந்த பாட்டில்தான்! அதை அளவுகோலாக்க நமக்குத் தோன்றவில்லை.

மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறிய புண், பராமரிப்பவர்களுக்கு ஆற 48 நாள் தாண்டியது. ஒன்பது நாள் தாமதம்.

காரணம் நமக்குப் புதிதல்ல. நாள்பட ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்குத் தையல் பிரிப்பதை நாம் தள்ளிப்போடுகிறோம். மன அழுத்தத்தில் அட்ரினல் சுரப்பி தானே ஒரு ஸ்டீராய்டைச் சுரக்கிறது, அதுதான் கார்டிசால். புண்ணில் முதல் சில மணி நேரத்தில் சைட்டோகைன் என்ற வேதித் தூதுகள் வெள்ளணுக்களை அழைக்க வேண்டும். கார்டிசால் அந்த அழைப்பை மட்டுப்படுத்துகிறது. தொடக்கம் தாமதமானால் அடுத்தடுத்த கட்டங்களும் தாமதமாகின்றன.

பத்தாண்டு கழித்து அதே குழு 42 தம்பதிகளை இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒருநாள் முழுக்க, ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்தது. முன்கையில் உறிஞ்சு கருவி வைத்துச் சிறு கொப்புளங்கள் உண்டாக்கி, மேல்தோலை அகற்றினார்கள். ஒருமுறை கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேச வேண்டும். மறுமுறை தங்களுக்குள் தீராத சச்சரவு ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். அரை மணி நேரப் பேச்சுதான். சச்சரவு பேசிய முறை புண் மெதுவாக ஆறியது. இரண்டு பேச்சிலும் குத்தலும் ஏளனமுமாக இருந்த தம்பதிகளுக்கோ, இணக்கமானவர்களின் வேகத்தில் 60 விழுக்காடுதான். சச்சரவுக்குப் பின் புண்ணில், தேவைப்பட்ட இடத்தில், சைட்டோகைன் குறைந்திருந்தது. கடுமையான தம்பதிகளுக்கு மறுநாள் காலை இரத்தத்தில், தேவையில்லாத இடத்தில், அது கூடியிருந்தது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மருத்துவ மாணவர்கள் ஓர் எச்சரிக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை சிறு எண்ணிக்கைகள், சிறு புண்கள். வயிற்று அறுவைக்கோ சர்க்கரைப் புண்ணுக்கோ இதே நாள் கணக்கைப் பொருத்தாதீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். புண் தாமதமாக ஆறிய அந்தப் பதின்மூன்று பெண்களும் தனியாக இருந்தவர்கள் அல்லர். ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்க வாய்க்காதவர்கள். 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, அறுபது கடந்த 1,604 பேரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்தது. அவர்களில் 43 விழுக்காட்டினர் தனிமையை உணர்வதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மணமாகித் துணையோடு இருந்தவர்கள். குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளில் தளர்ந்தவர்கள், தனிமையை உணர்ந்தவர்களில் நூற்றுக்கு 25 பேர். மற்றவர்களில் 12, 13 பேர். வீட்டில் ஆள் இருக்கிறாரா என்ற கேள்வி மட்டும் நமக்குப் போதாது.

அப்படியானால் ஆதரவைக் கூட்டினால் ஆயுள் கூடுமா? இதைச் சோதித்தும் பார்த்தார்கள். மாரடைப்பு கண்டு, மனச்சோர்வோ ஆதரவின்மையோ உள்ள 2,481 அமெரிக்க நோயாளிகள். பாதிப் பேருக்கு ஆறு மாதம் உளவியல் சிகிச்சை, தேவைப்பட்டவர்களுக்கு மருந்து. முடிவு 2003-ல் வந்தது. மனச்சோர்வும் ஆதரவின்மையும் ஓரளவு குறைந்தன. ஆனால் மறு மாரடைப்பிலும் இறப்பிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடே இல்லை. பல்லாண்டுகளில் சேர்வதை ஆறு மாதத்தில் ஊற்றிவிட முடியாமல் போயிருக்கலாம் என்பது என் ஊகம். எப்படியிருந்தாலும், உறவை மாத்திரைபோல எழுதிக்கொடுக்கலாம் என்று சொல்ல இன்று நம்மிடம் சான்று இல்லை.

இந்த அறக்கட்டளையை நிறுவிய அம்மையார், படுக்கையில் கிடந்த கணவரைப் பதினோரு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர். அம்மையாரின் காலில் ஒரு வெட்டுக்காயம் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்ததாக அவர் மகள் இன்று காலை என்னிடம் சொன்னார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்த மருத்துவர்கள், வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லையாம். நானும் என் காலத்தில் கேட்டதில்லை.

நீங்கள் கேளுங்கள். வார்டில் நோயாளிக்குக் கட்டு மாற்றி முடித்ததும், கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அட்டெண்டரைப் பார்த்து, “நீங்க கடைசியா எப்பம்மா தூங்குனீங்க?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்வதையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.