விதையில்லாத தக்காளி சொன்ன பாடம்
(உயிரியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



எங்கள் பள்ளித் தோட்டத்தில் ஏப்ரல் மாதத்தில் தக்காளி நன்றாகப் பூக்கும். ஆனால், பூக்கள் காம்போடு உதிர்ந்துவிடும். தண்ணீர் போதவில்லையோ என்று நானும் முதலில் நினைத்தேன். உண்மையான காரணம் வெப்பம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் இருந்தால், பூ மொட்டாக இருக்கும்போதே அதன் மகரந்தம் வீரியம் இழக்கிறது. நீலகிரியின் கடுங்குளிரிலும் இதே குறை வருகிறது.

மகரந்தம் விதையை மட்டும் தருவதில்லை. சூலகம் வளரத் தேவையான ஆக்சின் தூண்டலும் கருவுறுதலால்தான் கிடைக்கிறது. அந்தத் தூண்டலை நாம் வெளியிலிருந்து கொடுத்தால், கருவுறாமலே காய் பிடிக்கும். பாடநூலில் கருவுறாக் கனி என்று நடத்துவது இதைத்தான். 1936-இல் கஸ்டாப்சன் என்ற அறிவியலாளர் தக்காளியில் இதைச் செய்து காட்டினார்.

இதற்கு நான் பயன்படுத்துவது பாரா குளோரோ பீனாக்சி அசிட்டிக் அமிலம். 100 மில்லிகிராமைச் சிறிது ஆல்கஹாலில் கரைத்து, தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்குவேன். இந்தக் கரைசலில் 150 மில்லியை எடுத்து மீண்டும் ஒரு லிட்டராக்கினால் 15 பிபிஎம் கிடைக்கும். வெயில் காலத்துக்கு இது போதும். குளிர்காலத்தில் 300 மில்லி எடுத்தால் 30 பிபிஎம். வெயிலில் அளவு கூடினால் காய் கோணலாகும், உள்ளே வெற்றிடம் விழும். கரைசலைக் கையுறை அணிந்து ஆசிரியரே தயாரிக்க வேண்டும்.

கொத்தில் மூன்று, நான்கு பூக்கள் விரிந்ததும், காலையில், அந்தக் கொத்தின் மேல் மட்டும் ஒரே ஒருமுறை தெளிக்க வேண்டும். முதல் ஆண்டு நான் செடி முழுவதும் தெளித்துவிட்டேன். புதுத் துளிர்கள் குறுகிச் சுருண்டு வந்தன. வைரஸ் நோய் என்று நினைத்து மாணவர்கள் நான்கு செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். தவறு என்னுடையது. இப்போது துளிரை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு தெளிக்கிறோம்.

பத்துக் கொத்துகளில் சிவப்பு நூல் கட்டி மருந்தும், பத்தில் வெள்ளை நூல் கட்டி வெறும் தண்ணீரும் தெளியுங்கள். பத்து நாள் கழித்துக் காய்களை எண்ணச் சொல்லுங்கள். கத்தரியிலும் செய்யலாம். ஆனால் கத்தரியில் சூலகத்தண்டு குட்டையான பூக்கள் எந்தப் பருவத்திலும் பெரும்பாலும் உதிரும். அவற்றை விட்டுவிட்டு, சூல்முடி வெளியே நீண்ட பூக்களையே தேர்ந்தெடுங்கள்.

ஆய்வக வேதிப்பொருள் என்பதால் சிவப்பு நூல் காய்களை நாங்கள் சமையலுக்குத் தருவதில்லை.

ஒருமுறை மாணவி ஒருத்தி, இருப்பதிலேயே பெரிய சிவப்பு நூல் பழத்தை அடுத்த ஆண்டு விதைக்கென்று எடுத்து வைத்திருந்தாள். வகுப்பில் அதை அறுத்தோம். ஒரு விதைகூட இல்லை. "அப்ப விதைக்கு எதை சார் எடுக்கிறது?" என்று கேட்டாள். வெள்ளை நூல் கொத்துகளில் தப்பிப் பிடித்த இரண்டு சிறிய பழங்களைக் காட்டினேன். அடுத்த பருவத்துக்கு நாற்று விட்டது அவற்றின் விதையில்தான்.