சுவர் எப்போது சுமை தாங்குகிறது?

ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு ஒன்று கிடைமட்டமாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் இடது பாதி தடிமனானது, குறுக்குவெட்டுப் பரப்பு 500 சதுர மில்லிமீட்டர். வலது பாதி மெலிந்தது, அதற்கு 250 சதுர மில்லிமீட்டர். இடது முனை அசையாத சுவரில் இறுகப் பொருத்தப்பட்டிருக்கிறது. வலது முனைக்கு எதிரிலும் ஒரு சுவர் உண்டு. ஆனால் தண்டு அதைத் தொடவில்லை, நடுவே 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. தடிமனும் மெலிவும் சேரும் அந்தப் படியில் 120 கிலோநியூட்டன் விசை, அதாவது சுமார் 12 டன் எடைக்குச் சமமான விசை, தண்டை வலப்பக்கம் தள்ளுகிறது. இதை இரண்டு சுவர்களும் எப்படிப் பங்கிட்டுக்கொள்ளும்? பொறியியல் மாணவர்களுக்குப் பழகிய கணக்குதான். ஆனால் அதில் அந்த இடைவெளியை ஒரு சின்னத் திருத்தமாக நினைப்பவர்கள் நிறையப் பேர். சுமைக்கு எவ்வளவு மதிப்பு உண்டோ அவ்வளவு மதிப்பு இடைவெளிக்கும் உண்டு என்பதே என் வாதம்.

விசைகளின் சமநிலை நமக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: இரு சுவர்களின் பங்கையும் கூட்டினால் 120 வரவேண்டும். 100-ம் 20-ம் வரலாம், 60-ம் 60-ம் வரலாம். சமநிலைக்கு எல்லாம் ஒன்றுதான். தீர்ப்பைச் சொல்வது தண்டு எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு சுருங்குகிறது என்ற கணக்கு. பிரெஞ்சுப் பொறியாளர் நவியே 1826-இல் வெளியிட்ட விரிவுரைகள் முதலே இந்த வகைச் சிக்கல்களை உருமாற்றத்தை வைத்து அவிழ்க்கும் வழி பாடமாகிவிட்டது. எஃகின் யங் குணகத்தைச் சதுர மில்லிமீட்டருக்கு 2,00,000 நியூட்டன் என்று கொண்டால், நம் தண்டின் தடித்த பாதியை ஒரு மில்லிமீட்டர் நீட்ட 200 கிலோநியூட்டன் வேண்டும். மெலிந்த பாதியை அதே அளவு சுருக்க 100 கிலோநியூட்டன் போதும்.

விசையை ஒரேயடியாக வைக்காமல் மெல்ல மெல்ல ஏற்றுவோம். ஆரம்பத்தில் தடித்த பாதி மட்டும் நீள்கிறது. மெலிந்த பாதியின் முனை காற்றில் இருப்பதால் அதற்குள் எந்த விசையும் இல்லை. நீளவோ சுருங்கவோ செய்யாமல், தடித்த பாதியோடு வெறுமனே நகர்ந்து போகிறது. தடித்த பாதி 0.3 மில்லிமீட்டர் நீள 60 கிலோநியூட்டன் தேவை. அந்தக் கட்டத்தில்தான் முனை சுவரைத் தொடுகிறது. தொட்டாலும் சுவரின் பங்கு இன்னும் பூஜ்யமே. மிச்சமிருக்கும் 60 கிலோநியூட்டனை மட்டும்தான் இரு பாதிகளும் தத்தம் விறைப்புக்கு ஏற்றபடி, இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரித்துக்கொள்கின்றன: தடித்த பாதிக்கு 40, மெலிந்த பாதிக்கு 20. ஆக இடது சுவர் 100 தாங்குகிறது, வலது சுவர் 20. சரிபார்க்கவும் எளிது. தடித்த பாதி 0.5 மில்லிமீட்டர் நீண்டது, மெலிந்த பாதி 0.2 மில்லிமீட்டர் சுருங்கியது, வித்தியாசம் அதே 0.3.

ஒரு மீட்டர் தண்டில் 0.3 மில்லிமீட்டர் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். தண்டின் நீளத்தோடு ஒப்பிட்டால் பொருட்டே இல்லை. ஆனால் அது தவறான அளவுகோல். சாதாரணக் கட்டுமான எஃகு, சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் தகைவு வந்தால் திரும்பப் பழைய நீளத்துக்கு வராதபடி நீளத் தொடங்கிவிடும். நம் தடித்த பாதி அந்த எல்லைவரை நீளக்கூடியது மொத்தமே 0.625 மில்லிமீட்டர்தான். இடைவெளி அதில் ஏறத்தாழப் பாதியைத் தின்றுவிடுகிறது. இடைவெளியே இல்லாமல் இருந்தால் பங்கு 80-ம் 40-ம் ஆகும், இரு பாதிகளிலும் தகைவு ஒரே அளவாக 160 இருக்கும். 0.3 மில்லிமீட்டர் விட்டதால் தடித்த பாதியில் 200, மெலிந்த பாதியில் 80. இடைவெளியை 0.6 ஆக்கினால் வலது சுவர் இருந்தும் இல்லாததுபோல்தான். தடித்த பாதி 240-க்குப் போய், எல்லையின் வாசலில் நிற்கும்.

இன்னொரு தவறு, கணக்கை நன்றாகத் தெரிந்தவர்களையே பிடிப்பது. இடைவெளி மூடிவிட்டது என்று முன்கூட்டியே எண்ணிக்கொண்டு சமன்பாட்டை எழுதிவிடுவார்கள். விசை 50 கிலோநியூட்டன் மட்டும் என்று வைத்து அப்படிப் போட்டுப் பாருங்கள். வலது சுவரின் பங்கு கழித்தல் குறியோடு, மூன்றே கால் கிலோநியூட்டனுக்குச் சற்று மேலாக வரும். சுவர் தண்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்று அர்த்தம்! தொட்டுக்கொண்டுகூட இல்லாத சுவர் எப்படி இழுக்கும்? சுவர் தள்ளும், இழுக்காது. அந்தக் கழித்தல் குறியைக் கண்டால், இடைவெளி மூடவே இல்லை என்று தெரிந்துகொண்டு, 50-ஐயும் இடது சுவரிடமே விட்டுவிட வேண்டும். இதே காரணத்தால், சுமை இரட்டித்தால் பங்கும் இரட்டிக்கும் என்ற வழக்கமான நம்பிக்கையும் இங்கே செல்லாது. 75 கிலோநியூட்டனுக்கு வலது சுவரின் பங்கு 5. 150-க்கு 30. சுமை இரண்டு மடங்கு, பங்கு ஆறு மடங்கு. எஃகு மாறவில்லை, மீட்சி எல்லையையும் தாண்டவில்லை. தொடுவதற்கு முன் ஒரு அமைப்பு, தொட்ட பின் வேறோர் அமைப்பு, அவ்வளவுதான்.

நிஜத்தில் எந்தச் சுவர் அசையாமல் இருக்கிறது என்ற ஆட்சேபம் நியாயமானது. வலது சுவர், மெலிந்த பாதியின் அளவுக்கே விட்டுக்கொடுக்கக்கூடியது என்று கொள்வோம். அப்போது கடைசி 60 கிலோநியூட்டனில் வலப்பக்கம் 12 மட்டுமே போகும், இடது சுவர் 108 தாங்கும், தடித்த பாதியின் தகைவு 216 ஆகும். ஆகவே சுவர் அசையாது என்ற அனுமானம் மெலிந்த பாதிக்குப் பாதுகாப்பு, தடித்த பாதிக்கு ஆபத்து. முனையும் சுவரும் முழுச் சமதளமாக இல்லாவிட்டால் ஒரு ஓரம் முதலில் தொடும், பங்கீடு திடீரென்று இல்லாமல் படிப்படியாகத் தொடங்கும். இதைக் கண்டுபிடிக்க மெலிந்த பாதியில் ஒரு திரிபுமானி ஒட்டினால் போதும். சுமை ஏற ஏற அது பூஜ்யத்திலேயே கிடந்து, 60-ஐ ஒட்டி எழும்ப வேண்டும். எழும்பும் இடம் முன்னே பின்னே போனால், சுவர்மேல் சந்தேகப்படுமுன் இடைவெளியைச் சந்தேகிக்க வேண்டும்.

ஏனென்றால் இடைவெளி நிலையாக இருப்பதில்லை. எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்குச் சுமார் 0.012 மில்லிமீட்டர் நீளும். சுவர்கள் இடம் மாறாமல் இருக்க, தண்டு மட்டும் 25 டிகிரி சூடேறினால் 0.3 மில்லிமீட்டரும் தானாகவே அடைபட்டுவிடும். பிறகு ஏற்றும் சுமை முதல் கிலோநியூட்டனிலிருந்தே பங்கிடப்படும். பலரும் பயப்படுவது இந்தச் சூட்டுக்குத்தான். நம் தண்டின் தடித்த பாதிக்கோ குளிர்தான் எதிரி. 25 டிகிரி குளிர்ந்தால் இடைவெளி 0.6 ஆகி, 120 கிலோநியூட்டனையும் அது தனியாகவே சுமக்க நேரும், தகைவு 240. வரைபடத்தில் இடைவெளி 0.3 என்று மட்டும் எழுதுவது அதனால் போதாது. எந்த வெப்பநிலையில் அளந்த 0.3 என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். பொருத்துபவர் ஃபீலர் கேஜைச் செருகிப் பார்க்கும்போது தண்டின் சூட்டையும் அளந்து, அந்த எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.