ரயில் ஏறும் முன் வாங்க வேண்டிய கையெழுத்து

சென்னையில் கோ-வொர்க்கிங் இடத்தில் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்து வேலை பார்த்தவர், இனி வீட்டிலிருந்தே வேலை என்றானதும் மொரப்பூருக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவே, நம் ஊர் ஸ்டேஷனில் வந்து இறங்கிவிட்டால், ஒரு சாவிக்காக மறுபடி சென்னை போய்வர ஒரு நாள் போய்விடும். கணக்கை ரயில் ஏறும் முன்பே முடிப்பது நல்லது.

மாதக் கட்டணம் 6,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 7,080. அட்வான்ஸ் 12,000. ஒப்பந்தத்தில், 'ஒரு காலண்டர் மாத நோட்டீஸ்' என்றிருக்கிறது. இதை முப்பது நாள் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். இத்தகைய ஒப்பந்தங்களில் காலண்டர் மாதம் என்றால் பெரும்பாலும் ஒன்றாம் தேதி தொடங்கி மாதக் கடைசி வரை. ஏப்ரல் 30-ஆம் தேதி மின்னஞ்சல் அனுப்பினால் மே 31-உடன் முடிந்துவிடும். மே 4-ஆம் தேதி அனுப்பினால் ஜூன் 30 வரை கட்டணம் உண்டு. நான்கு நாள் தாமதத்துக்கு ஒரு மாதப் பணம். அதை அட்வான்ஸில் கழித்தால் கைக்கு வருவது 4,920 ரூபாய்தான். வாய்வார்த்தையாகச் சொன்னதைப் பின்னால் நிரூபிப்பது கடினம். மின்னஞ்சலில் அனுப்பி, கிடைத்ததாகப் பதிலும் வாங்குங்கள்.

'கடைசி மாதத்தை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று வீட்டு வாடகையில் சொல்வது போல இங்கும் சொல்வதுண்டு. அட்வான்ஸ், அட்வான்ஸாக இருக்கும்வரை அதற்கு ஜிஎஸ்டி இல்லை. கட்டணமாகக் கழிக்கும்போது வரியும் சேரும். அதனால் 6,000 அல்ல, 7,080 கழியும்.

அடுத்தது சாவி. கதவு திறக்கும் கார்டு, லாக்கர் சாவி இரண்டையும் வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். கார்டு எண், லாக்கர் எண், தேதி எழுதி, பெற்றுக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்குங்கள். காலி செய்த மேசையையும் லாக்கரையும் படம் எடுத்து வையுங்கள். 'கார்டு வரவில்லை, நாற்காலி உடைந்திருந்தது' என்று பின்னால் யாரும் சொன்னால் பேசப்போவது இந்தத் துண்டுச் சீட்டும் படமும்தான்.

அட்வான்ஸில் ஏதாவது பிடித்தால், எதற்கு எவ்வளவு என்று எழுதிய கணக்குத் தாளைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு உட்பட்டு நியாயமான இழப்பீடு மட்டுமே தரவேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. சொன்ன தேதிக்குப் பணம் வராவிட்டால், ஒரு கெடு குறித்து எழுதுங்கள். அப்படியும் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஓர் எல்லையும் இதில் உண்டு: சொந்தப் பிழைப்புக்காக மேசை எடுத்த சுயதொழில்காரர் நுகர்வோர் என்று கோரலாம். நிறுவனத்தின் பெயரில் வணிகத்துக்காக எடுத்த இடமென்றால் அந்த வழி பெரும்பாலும் திறக்காது, வழக்கறிஞர் நோட்டீஸ்தான்.

ஆக, ஒரு மின்னஞ்சல், ஒரு கையெழுத்து, ஒரு கணக்குத் தாள். இந்த மூன்றும் பையில் இருந்தால், மொரப்பூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே அந்த 12,000 ரூபாயைக் கேட்டு வாங்கலாம்.