துஞ்சினார் என்று சொன்னவர்கள்



சங்ககாலப் பாண்டியர் சிலரின் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள்: இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி. மன்னர் உயிர் விட்ட இடத்தை, அவர் தூங்கிய இடமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் இந்த வழக்கத்துக்கு இலக்கணத்திலேயே இடம் கொடுத்தார். மங்கலம் என்று பெயரிட்டு, இடக்கரடக்கலோடும் குழூஉக்குறியோடும் சேர்த்துத் தகுதி வழக்கில் வைத்தார். சுடுகாடு நன்காடு ஆனது அப்படித்தான். இன்றும் வீட்டில் விளக்கு அணைவதில்லை, மலையேறுகிறது. அரிசி தீர்ந்துபோவதில்லை, நிறைந்துவிடுகிறது.

இந்த மென்மை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது என்ன ஆகிறது? ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மருத்துவமனையிலிருந்து மகளுக்குத் தகவல் வருகிறது. அப்பா 'பாஸ்ட் அவே', 'வி லாஸ்ட் ஹிம்' என்று ஆங்கிலத்தில் மெதுவாகத்தான் சொல்கிறார்கள். அதை அவள் அம்மாவிடம் தமிழில் சொல்ல வேண்டும்.

'கடந்து போய்விட்டார்' என்றால், எந்த ஊரைக் கடந்தார் என்று கேட்கத் தோன்றும். 'அவரை இழந்துவிட்டோம்' என்பது தலைவர்களுக்கான இரங்கல் அறிக்கையின் நடை. 'மரணமடைந்தார்' காவல் நிலையத்துக்குச் சரி. 'காலமானார்' அழகான சொல், ஆனால் அது நாளிதழின் கறுப்புக் கட்டத்துக்குள் இருப்பது. எந்த மகளும் அம்மாவிடம் அப்படிச் சொல்ல மாட்டாள். 'போயிட்டாங்க' வீட்டுப் பேச்சுதான். ஆனாலும் அதிர்ச்சியில் இருப்பவர் காதில் விழுந்தால் 'எங்கே?' என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது முதல் செய்தியைச் சொல்வதைவிடக் கொடுமை.

இதனால்தான் துயரச் செய்தி சொல்ல மருத்துவர்களுக்குப் பயிற்சி தருபவர்கள் ஓர் ஒழுங்கைக் கற்பிக்கிறார்கள். முதலில் மனதைத் தயார்ப்படுத்தும் ஒரு வாக்கியம். பிறகு கொஞ்சம் மௌனம். அதன் பிறகு, வேறு பொருள் கொள்ள முடியாத ஒரு சொல். தமிழில் அது இப்படி வரும்: "அம்மா, கொஞ்சம் உட்காருங்க. சேதி நல்லா இல்ல." ஒரு மூச்சு விட்டு, "அப்பா தவறிட்டாங்கம்மா."

கவனியுங்கள், மென்மை 'தவறு' என்ற சொல்லில் மட்டும் இல்லை. 'ஆங்க' என்ற மரியாதையிலும், கடைசியில் ஒட்டிய 'அம்மா'விலும், வினை வாக்கியத்தின் முடிவில் வருவதிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இவை கிடையாது; அதனால் அது பெயர்ச்சொல்லிலும் வினைச்சொல்லிலும் மென்மை தேடுகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் இதைத் தவறவிடுகிறார். ஊரும் முக்கியம்: யாழ்ப்பாணத்தில் 'மோசம் போயிட்டார்' என்றால் இறந்துவிட்டார் என்று பொருள், மதுரையில் அதைக் கேட்பவர் யாரோ ஏமாந்துவிட்டதாக நினைப்பார்.

நோயில் கதை வேறு. 'பிள்ளைக்கு அம்மா வந்திருக்காங்க' என்று ஒரு பாட்டி சொன்னால், இந்தி பேசும் மருத்துவருக்கு உடனே புரியும். அவர்கள் ஊரிலும் அது 'மாதா'தான். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரிடமோ, கூட வந்தவர் தயங்காமல் 'சிக்கன் பாக்ஸ்' என்று சொல்லிவிட வேண்டும். அங்கே மருந்துக்குத் தெளிவு தேவை. மருத்துவர் சொன்னதைப் பாட்டியிடம் திரும்பச் சொல்லும்போது மட்டும் அம்மை மறுபடி அம்மா ஆகட்டும். மரியாதை குறையாமல் மருந்தும் கொடுக்கலாம். புற்றுநோயை வெறும் 'கட்டி' என்று பெயர்ப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆபத்தில்லாத கட்டிகளும் உண்டு. அந்தச் சொல்லை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட இடமாகிவிடும். நோயின் பெயரை ஒருமுறையாவது சொல்லிவிட்டு, பிறகு மெல்லப் பேசலாம்.

பணத்துக்கு வருவோம். 'ஒரு ஐயாயிரம் கைமாத்தா கிடைக்குமா?' என்று கேட்பவர் கடன் கேட்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும்: வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சில நாளில் திரும்பி வரும். அதை 'லோன்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் கேட்டவரின் கௌரவம் போய்விடும். 'சில நாளைக்குச் சமாளிக்க' என்ற பொருளில் ஒரு தொடர் போட்டால் அது நிற்கும். எதிர்த்திசையில், ஆங்கில நிறுவனக் கடிதம் 'உங்கள் வசதிப்படி விரைவில்' என்று கேட்பது உண்மையில் கெடு. அதை வசதிப்படி என்றே பெயர்த்தால் பெறுபவர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார், அபராதம் ஏறும். 'இந்த நிலுவையைத் தயவுசெய்து 15-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள்' என்று தேதியோடு எழுதுவதே அந்த வாசகருக்குச் செய்யும் உதவி.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி மொழிபெயர்த்துச் சொல்ல நேர்ந்தால், சொல்லி முடித்ததும் "நான் என்ன சொன்னேன்னு ஒருதடவை சொல்லுங்க" என்று மெல்லக் கேட்டுவிடுங்கள். அவர் சொல்வதில் செய்தி முழுதாக இருந்தால் உங்கள் மொழிபெயர்ப்பு சரி.