இருபதில் பத்து போனால் எட்டு

கணக்கு எழுதுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறேன்.

காசிமேட்டில் எங்களுக்கு மளிகைக் கடை. கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு அரிசி, பருப்பு, மிளகாய், புளி எல்லாம் கடனாகக் கொடுப்போம். மீன் விற்றதும் பணம் வரும். நைனா கொள்முதல் விலைமேல் நூற்றுக்கு இருபது ஏற்றுவார். படகுக்காரர்களுக்கு அந்த விலையில் நூற்றுக்குப் பத்து தள்ளுபடி. "இருபதுல பத்து போனா பத்து மிச்சம்மா" என்பார். பல வருஷமாக அதே கணக்குதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடையில் வேலை குறைவு. அப்போதுதான் பில் போடுவதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். B-யில் கொள்முதல் விலை, C-யில் அளவு. D-யில் பில் தொகை, E-யில் லாபம் தானாக வரும்.

```
D2: =B2*C2*1.2*0.9
E2: =D2-B2*C2
```

மார்ச் மாதக் கடன் நோட்டை அப்படியே ஏற்றினேன். கொள்முதல் 40,000 ரூபாய். லாபம் 4,000 வரணும். வந்தது 3,200.

"மிஷின் தப்பா போடுது" என்றார் நைனா. ஒரு கிலோ துவரம் பருப்பை எடுத்துக் கையாலேயே போட்டோம். வாங்கியது 120. இருபது சதவீதம் ஏற்றினால் 144. தள்ளுபடி 144-க்குப் பத்து சதவீதம், அதாவது 14.40. நைனா மனக்கணக்கில் கழித்தது 120-க்குப் பத்து சதவீதம், 12 ரூபாய்தான். கிலோவுக்கு 2.40 போயிருந்தது. இருபது ஏறியது சின்னத் தொகைமேல், பத்து இறங்கியது பெரிய தொகையில். நூற்றுக்கு நின்றது பத்து இல்லை, எட்டு.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை? கடன் நோட்டில் விற்ற தொகை மட்டும் இருந்தது. வாங்கிய விலை மொத்த வியாபாரியின் பில்லில் இருந்தது. இரண்டும் ஒரே பக்கத்தில் சேர்ந்ததே இல்லை. வீட்டுச் செலவும் அதே கல்லாவிலிருந்துதான். அதனால் மாதம் 800 குறைந்தபோது, "செலவு ஜாஸ்தி" என்று அம்மாமேல்தான் பேச்சு விழுந்தது.

தள்ளுபடிக்குப் பிறகும் பத்து நிற்கணும் என்றால் விலையை இப்படிப் போடணும்:

```
=B2*1.1/0.9
```

பருப்புக்கு 146.67 வரும். பத்து சதவீதம் போனால் 132. சில்லறைப் பொருளுக்கு இப்படி மாற்றினோம். பாக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் விற்கக் கூடாது. அதற்குத் தள்ளுபடியைக் குறைத்தோம். ஒரு படகு வேறு கடைக்குப் போய்விட்டது. மற்றவர்கள், "எடை சரியா இருந்தா போதும்" என்று தொடர்ந்தார்கள்.

கம்ப்யூட்டர் தவறைத் தானாகத் திருத்தவில்லை. தவறான விலையையே வேகமாகப் போட்டது. காட்டிக் கொடுத்தது E வரிசை. நம் குழுக்களில் ஊறுகாய், மசாலா விற்பவர்கள் நோட்டில்கூட இதைச் செய்யலாம். விற்ற தொகைக்குப் பக்கத்திலேயே அடக்க விலையையும் எழுதுங்கள், கழித்துப் பாருங்கள்.